பூ பூத்தது: பெயர் அப்படியே வினையாவது எப்படி

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொல்லங்கோட்டுப் பக்கம் போனால் முதலமடை வரும். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. மாந்தோப்புக்குப் பேர்போன ஊர். தோப்புகளில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே காதில் விழும். மார்கழி வாக்கில், "ஏனுங்ணா, உங்க தோப்பு பூத்திருச்சுங்களா?" என்று ஒருவர் கேட்பார். கொஞ்ச நாள் கழித்து அதே ஆள் "இந்த வருசம் நல்லாக் காய்ச்சிருக்குங்க" என்பார். அடுத்த தோப்பில் மலையாளம் பேசுபவர் மரத்தைப் பார்த்து "பூத்து" என்பார், அப்புறம் "காய்ச்சு" என்பார்.

இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். பூ என்பது ஒரு பொருளின் பெயர். பறிக்கலாம், தொடுக்கலாம், விற்கலாம். பூத்தது என்பது ஒரு நிகழ்ச்சி. அதே மாதிரி காய் என்பது பொருள், காய்த்தது என்பது நிகழ்ச்சி. பொருளின் பெயரை நிகழ்ச்சியின் சொல்லாக மாற்ற நாம் எதைச் சேர்த்தோம்? எதையும் சேர்க்கவில்லை. பூ என்ற சொல்லே வினையாகவும் வேலை செய்கிறது.

ஒரு பெயர்ச்சொல் தன்னோடு எந்த ஒட்டும் சேர்த்துக்கொள்ளாமல், உருவமும் மாறாமல், வினைச்சொல்லாகி விடுவதை மொழியியலில் கன்வர்ஷன் என்பார்கள். ஜீரோ டெரிவேஷன் என்றும் சொல்வதுண்டு. இந்தக் கட்டுரையில் சுழியாக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இது எங்கும் நடக்கும். பாட்டில் என்றால் புட்டி. அதே சொல்லே புட்டியில் அடைப்பதையும் குறிக்கும். வாட்டர் என்றால் தண்ணீர். செடிக்குத் தண்ணீர் விடுவதும் வாட்டர்தான். அதனால் பாடப்புத்தகங்கள் ஆங்கில உதாரணங்களோடு நின்றுவிடுகின்றன. தமிழில் இது எப்படி இருக்கிறது, எங்கே நிற்கிறது என்பதை ஒரு தோப்பிலும் ஒரு வாழைக்காட்டிலும் கிடைக்கும் சொற்களை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் எல்லோருக்கும் வரும் சந்தேகம். "பூத்தது என்பதில் த்தது என்று ஒரு வால் இருக்கிறதே, அது ஒட்டு இல்லையா?"

ஒட்டுதான். ஆனால் பெயரை வினையாக்கிய ஒட்டு அது இல்லை. பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு இது பழகிய வேலை. பூத்தது என்பதைப் பிரித்தால் பூ + த் + த் + அ + து என்று வரும். பூ பகுதி. முதல் த் சந்தி. இரண்டாவது த் இறந்தகாலத்தைக் காட்டும் இடைநிலை. அ சாரியை. து ஒன்றன்பால் விகுதி. இந்த உறுப்புகளில் ஒன்றுகூட பூவுக்கென்று தனியாக வந்ததில்லை. பார்த்தது, கேட்டது, நடந்தது என்று எந்த வினைக்கும் காலமும் பாலும் காட்ட இப்படி ஏதாவது வந்தே தீரும். பார் என்பது ஏற்கெனவே வினை. அதற்கே இந்த வால் வேண்டியிருக்கிறது என்றால், வினையாக்குவது வாலின் வேலை இல்லை என்று தெரிகிறது. வினையாகி முடிந்த பிறகு போடுகிற சட்டை அது.

உண்மையிலேயே பெயரை வினையாக்குகிற ஒட்டு எப்படி இருக்கும் என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று புரியும். நேசம் என்ற பெயரிலிருந்து நேசித்தான் வருகிறது. பிரித்துப் பார்த்தால் பகுதி நேசி. நேசம் என்பதன் கடைசி அம் போய், இ வந்து ஒட்டியிருக்கிறது. தியானம், தியானி. சித்திரம், சித்திரி. கடைக்கண், கடைக்கணி. இங்கே அந்த இகரம்தான் பெயரை வினையாக்கியது. கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. மலையாளத்தில் இதே வேலைக்கு ஸ்நேஹம் என்பது ஸ்நேஹிக்குக ஆகும். ஆந்திர எல்லையில் திருத்தணியைத் தாண்டிப் போனால் தெலுங்கில் பிரேம என்பது பிரேமிஞ்சு ஆகும். மூன்று மொழியிலும் வடமொழிப் பெயர் வினையாக வேண்டுமென்றால் ஒரு ஒட்டு கேட்கிறது. பூவும் காயும் அப்படி எதையும் கேட்பதில்லை.

தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி, ஏவலாகச் சொல்லிப் பார்ப்பது. ஏவல் ஒருமையில் காலமும் இல்லை, பாலும் இல்லை; வினையின் பகுதி மட்டும் அப்படியே நிற்கும். "விதையை விதை" என்கிறோம். முன்னால் இருப்பது பெயர், பின்னால் இருப்பது வினை, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. "நேசத்தை நேசி" என்று சொல்லிப் பார்த்தால் இரண்டும் வேறு. மரத்தைப் பார்த்து யாரும் "பூ" என்று கட்டளையிடுவதில்லைதான், ஆனால் பகுதி எது என்று தெரிந்துகொள்ள இந்தச் சோதனை போதும்.

ஒன்றுமே சேரவில்லை என்றால் எதற்காகச் சுழி என்று ஒன்றைப் பேச வேண்டும்? இந்த யோசனை பழையது. பாணினி மரபில் க்விப் என்று ஓர் ஒட்டு உண்டு. பெயரோடு சேர்த்தவுடன் அதன் எழுத்துகள் எல்லாமே விதிப்படி மறைந்துவிடும். கிருஷ்ண என்ற பெயரோடு அது சேர்ந்து மறைந்தபின் கிருஷ்ணதி என்று வினை வரும். கிருஷ்ணனைப் போல நடந்துகொள்கிறான் என்று பொருள். ஒட்டு வந்தது, வேலையைச் செய்தது, போய்விட்டது என்பது கணக்கு. தமிழ் மரபிலும் விகுதி புணர்ந்து கெடுதல் என்று சொல்வார்கள். நட, வா என்ற ஏவல்களில் ஆய் என்னும் விகுதி சேர்ந்து கெட்டது என்பது விளக்கம். இன்று பலர் மறைந்த ஒட்டு என்று ஒன்றைக் கற்பனை செய்யாமலே, சொல் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறியது என்று மட்டும் சொல்கிறார்கள். கன்வர்ஷன், ஜீரோ டெரிவேஷன் என்று இரண்டு பெயர்கள் இருப்பதே இந்த இரண்டு பார்வைகளால்தான். தொடக்கநிலையில் எதை எடுத்துக்கொண்டாலும் விடை மாறாது.

காய் என்ற ஒரு சொல்லை முழுசாக அலசுவோம்

முதலமடையில் ஒருவர் "மரம் காய்த்தது" என்கிறார். இன்னொருவர் "மரம் காய்ந்தது" என்கிறார். முதல் ஆளுக்குப் பணம் வரும், இரண்டாவது ஆளுக்கு மரம் போய்விட்டது. இரண்டு வினைக்கும் பகுதியைக் கேட்டால் விடை ஒன்றுதான்: காய்.

இதில் எது சுழியாக்கம்? காய்த்தது என்பது காய் என்ற பொருளைக் கொண்டுதான் புரியும். மரம் காயை வெளியே விட்டது என்பது அதன் பொருள். காய் என்றால் என்னவென்று தெரியாத ஒருவருக்குக் காய்த்தது என்பதை விளக்கவே முடியாது. காய்ந்தது என்பதில் அந்தக் காய் இல்லை. துணி காய்ந்தது, தொண்டை காய்ந்தது, வெயில் காய்ந்தது. துணியில் எந்தக் காயும் இல்லை. அது வறட்சி, சூடு என்ற பொருளில் வரும் வேறொரு வினை. உருவம் தற்செயலாக ஒன்றாக இருக்கிறது. ஆகவே காய்த்தது சுழியாக்கம், காய்ந்தது இல்லை.

இந்த இரண்டையும் கேட்பவர் குழப்பிக்கொள்வதில்லையே, ஏன்? காலம் காட்டும் விதம் வேறு. காய்க்கிறது, காய்த்தது, காய்க்கும் என்று ஒரு வரிசை. காய்கிறது, காய்ந்தது, காயும் என்று இன்னொரு வரிசை. முதலாவதில் க்க், த்த் என்று வல்லினம் இரட்டிக்கும். இதை வல்வினை என்கிறார்கள். இரண்டாவது மெலிந்து வரும்; அது மெல்வினை. தமிழில் ஒரு பெயர் வினையாகும்போது ஒட்டு எதையும் வாங்குவதில்லை என்றாலும் இது போன்ற வரிசைகளில் எதிலாவது ஒன்றில் போய் உட்கார்ந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் இப்படி ஒரு தேர்வு கிடையாது. புதிதாக வினையானது எதுவானாலும் ஒரே வால்தான். தமிழில் சுழியாக்கம் நடந்த தடம் சொல்லின் உடம்பில் தெரியாது. அது போய்ச் சேர்ந்த வரிசையில் தெரியும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எந்த வரிசை என்பதிலும் ஒரு போக்கு தெரிகிறது. பூத்தது, காய்த்தது, தளிர்த்தது, முளைத்தது, கிளைத்தது, தழைத்தது, நுரைத்தது, நரைத்தது எல்லாம் வல்வினை. எழுவாய் அந்தப் பொருளை வெளியே தள்ளுகிறது அல்லது தன்மேல் காட்டுகிறது என்ற பொருள் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கிறது. மரம் தளிரை விட்டது, சோப்பு நுரையைத் தள்ளியது, தலை நரையைக் காட்டியது. இது போக்குதான், கட்டாய விதி இல்லை. மரம் பூத்தது என்பது போலவே பூ பூத்தது என்றும் சொல்கிறோம். அங்கே பூவே எழுவாய்.

புகை இதில் தனி. விறகு புகைந்தது என்றால் மெல்வினை: தானாகப் புகை வந்தது. ஒருவர் பீடி புகைத்தார் என்றால் வல்வினை: அவர் செய்த செயல். ஒரே பெயர் இரண்டு வரிசையிலும் நுழைந்து, தன்வினை ஒன்றும் பிறர் செய்யும் வினை ஒன்றுமாக இரண்டு வினைகளைத் தருகிறது. ஒட்டு ஒன்றும் இல்லாமலே இந்த வேறுபாடு கிடைத்துவிடுகிறது.

எழுத்தில் காய்த்தது என்று இருப்பது பேச்சில் காய்ச்சுது, காய்ச்சிருக்கு என்று வரும். யகரத்துக்கும் இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வரும் த்த் பேச்சில் ச்ச் ஆகிவிடும். படித்தான் என்பது படிச்சான் ஆவது போல. மலையாளம் இந்த ச்ச் ஒலியை எழுத்து வழக்கிலேயே எடுத்துக்கொண்டது. அதனால்தான் அங்கே "காய்ச்சு", "முளச்சு". பூவுக்குப் பின்னால் அந்த ஒலிச்சூழல் இல்லை, ஆகவே "பூத்து" மாறாமல் நிற்கிறது. இன்னொன்று, மலையாளத்தில் வினைக்குத் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை. "பூத்து" என்றவுடன் அங்கே வாக்கியம் முடிந்துவிடும். தமிழ்க் காதுக்கு அது வினையெச்சம். பூத்து, அப்புறம் என்ன ஆச்சு என்று காத்திருக்கத் தோன்றும். எல்லையில் புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. சுழியாக்கம் இரண்டு மொழியிலும் ஒன்றேதான். மேலே போட்ட விகுதி மட்டும் வேறு.

எது முந்தியது?

பெயரும் வினையும் ஒரே உருவம் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. பெயரிலிருந்து வினை வந்ததா, வினையிலிருந்து பெயர் வந்ததா என்று கேட்க வேண்டும். இதில்தான் தொடங்குபவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். உருவம் ஒன்றாக இருக்கும் ஜோடியை எல்லாம் அள்ளிப் பெயர் வினையானது என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள்.

அடி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "அவனுக்கு நல்ல அடி விழுந்தது" என்பதில் அடி பெயர். "அடித்தான்" என்பதில் வினை. ஆனால் இங்கே வரும் அடி என்ற பெயருக்கு அடிக்கிற செயலை விட்டால் வேறு பொருளே இல்லை. செயல் முதலில், அதன் பெயர் பிறகு. இதை மரபிலக்கணம் முதனிலைத் தொழிற்பெயர் என்று சரியாகவே பெயரிட்டு வைத்திருக்கிறது. உதை, இடி, வெட்டு எல்லாம் இந்தப் பக்கம்.

கொஞ்சம் கடினமான ஜோடி பூட்டு. பூட்டைப் பூட்டினான் என்பதைப் பார்த்தால், கருவி முதலில் வந்து அதைப் பயன்படுத்துவது பிறகு வினையானது போலத் தோன்றும். ஆனால் ஏர் பூட்டினான், வண்டி பூட்டினான் என்றும் சொல்கிறோம். மாட்டை நுகத்தில் மாட்டுவதில் எந்தப் பூட்டும் சாவியும் கிடையாது. இணைத்து இறுக்குவது என்ற பரந்த பொருள் வினைக்கு இருக்கிறது. பெயர் அதில் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டது. பரந்து நிற்பது முந்தியது, குறுகி நிற்பது அதிலிருந்து பிறந்தது என்று பொதுவாகக் கொள்ளலாம். அப்படியானால் பூட்டு வினையிலிருந்து பெயரானது.

களையும் அப்படியே. ஆங்கிலத்தில் வீட் என்றால் களை. அதே சொல்லைக் களையெடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். அங்கே பெயர்தான் முந்தியது. தமிழில் களைந்தான் என்றால் நீக்கினான். ஆடை களைந்தான், ஐயம் களைந்தான் என்று எதை நீக்கினாலும் அந்த வினை வரும். வயலில் நீக்க வேண்டியது எதுவோ அதுவே களை. ஆங்கிலத்தில் செடியிலிருந்து செயல் வந்தது, தமிழில் செயலிலிருந்து செடியின் பெயர் வந்தது. இரண்டு மொழியிலும் பெயரும் வினையும் ஒரே உருவம் என்பதை வைத்து ஒரே கணக்கில் எழுதினால் தப்பாகிவிடும்.

பூ, காய், தளிர் இவற்றில் மரபு இலக்கணம் எடுக்கும் முடிவு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். பூப்பது பூ, காய்ப்பது காய், தளிர்ப்பது தளிர் என்று வினையிலிருந்தே பெயர் வந்ததாகவும், பெயராக்கிய விகுதி சேர்ந்து கெட்டதாகவும் அந்த மரபு காட்டும். இப்படிப்பட்ட பெயருக்கு அடியில் வினையைத் தேடுகிற பார்வை அது. பொருளை வைத்துப் பார்த்தால் எனக்கு அது திருப்தியாக இல்லை. பூவைக் காட்டிப் பூத்தது என்றால் என்னவென்று குழந்தைக்குச் சொல்லிவிடலாம். பூத்தது என்பதை வைத்துப் பூவை விளக்க முடியாது. ஊறுகாய் பூத்துப் போச்சு, காத்திருந்து கண் பூத்துப் போச்சு, நீறு பூத்த நெருப்பு என்று வரும் பிற வழக்குகளிலும் மேலே படர்ந்து தெரிகிற பூவின் சாயல் ஏதோ ஒரு விதத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. கனி போன்ற சொல்லில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. மனம் கனிந்தது, இரும்பு கனிந்தது என்று வினை பரந்து நிற்கிறது. ஆனால் அவை பழத்திலிருந்து கிளம்பிய உவமையாகவும் இருக்கலாம். பொருளை வைத்துச் செய்யும் சோதனை அங்கே அந்த எல்லையோடு நின்றுவிடும்.

பழம் என்பதை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடக் கூடாது. பழுத்தது என்பதன் பகுதி பழு. பெயர் பழம். இரண்டும் ஒன்றில்லை, பெயரில் அம் தெளிவாக ஒட்டி நிற்கிறது. தெலுங்கில் நிலைமை தலைகீழ். அங்கே பூவுக்குப் பூவு, பூப்பதற்குப் பூயு என்று பெயரும் வினையும் பிரிந்துவிட்டன. ஆனால் பழத்துக்குப் பண்டு, பழுப்பதற்கும் பண்டு. "பண்டு பண்டிந்தி" என்றால் பழம் பழுத்தது. மாம்பழத்துக்குப் பேர்போன ஆந்திரத்துச் சித்தூரிலும், அதே பெயர் கொண்ட பாலக்காட்டுச் சித்தூரிலும் ஒரே மாம்பழத்தைப் பற்றிப் பேசும்போது சுழியாக்கம் வேறு வேறு சொல்லில் வந்து உட்கார்கிறது.

வாழை ஏன் தமிழில் குலைக்கவில்லை?

தோப்பிலிருந்து வாழைக்காட்டுக்கு வருவோம். மலையாளத்தில் வாழை குலை விட்டால் "வாழ குலச்சு" என்பார்கள். குலை என்ற பெயர் அப்படியே வினை. பூ, காய் மாதிரியே கச்சிதமான சுழியாக்கம். எல்லைக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சியில், "வாழை தார் போட்டிருச்சு", "குலை தள்ளிருச்சு" என்பார்கள். குலை என்ற சொல் இங்கேயும் உண்டு. வல்வினை வரிசையும் தயாராக இருக்கிறது. பிறகு ஏன் "வாழை குலைத்தது" என்று சொல்வதில்லை?

குலைத்தது என்ற இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. குலைத்தான் என்றால் கலைத்தான், கெடுத்தான். இது போதாதென்று, கொங்குப் பேச்சில் நாய் கொலைக்கும். எழுத்தில் குரைக்கும் என்பது இங்கே லகரமாகி விட்டது. ஆக, "வாழை கொலைச்சிருச்சு" என்றால் வாழை குரைத்தது போல் ஆகிவிடும். மலையாளத்தில் நாய் "குரச்சு", வாழை "குலச்சு". ரகரமும் லகரமும் தனித்தனியே நிற்பதால் நாயும் வாழையும் மோதிக்கொள்வதில்லை. கன்னியாகுமரிப் பக்கத் தமிழில் வாழை குலைச்சது என்று சொல்வதும் உண்டு. ஆகவே இது தமிழுக்கே ஆகாத சொல் இல்லை. வட்டாரத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

1979-இல் ஈவ் கிளார்க், ஹெர்பர்ட் கிளார்க் இருவரும் ஆங்கிலத்தில் பெயர்கள் வினையாவதை ஆராய்ந்தபோது இந்த மாதிரித் தடையைப் பற்றி எழுதினார்கள். ஆங்கிலத்தில் கோடையை ஓரிடத்தில் கழித்தால் சம்மர் என்பதையே வினையாகச் சொல்லலாம், குளிர்காலத்துக்கு விண்டர் என்பதையும் சொல்லலாம். இலையுதிர்காலத்துக்கான ஃபால் அப்படி வராது. ஃபால் என்ற உருவத்தில் விழுவது என்ற வினை முன்னமே உட்கார்ந்திருக்கிறது. உருவம் மோதுவதால் வரும் தடை இது.

தமிழில் வேர் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. செடி முளைத்தது, கிளைத்தது, தளிர்த்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தால் அடுத்து வேர்த்தது என்று வர வேண்டும். இன்றைய தமிழில் வேர்த்தது என்றால் வியர்வை வந்தது. அதனால் வேர் விட்டது, வேர் பிடித்தது, வேரூன்றியது என்று துணைக்கு ஒரு வினையைக் கூப்பிடுகிறோம்.

இலைக்கு உள்ள தடை வேறு மாதிரி. இலைத்தது என்ற இடத்தில் உருவம் மோதுகிற வேறு சொல் எதுவும் பேச்சில் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யத் தளிர்த்தது, துளிர்த்தது, தழைத்தது என்று ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. செய்ய வேண்டிய வேலையை வேறு சொல் செய்துகொண்டிருந்தால் புதிய வினை பிறக்கத் தேவையில்லாமல் போய்விடும். கிளார்க் இருவரும் சொன்ன இன்னொரு தடை இதுதான்: பொருள் மோதுவதால் வருவது.

புதுச் சொற்கள் ஏன் இந்த வழியில் வருவதில்லை

இதுவரை வந்த சொற்களைப் பாருங்கள். பூ, காய், தளிர், முளை, கிளை, தழை, குலை, நுரை, நரை, புகை. எல்லாம் ஓரிரு அசையில் முடியும் பழைய சொற்கள். செடி, உடம்பு, அடுப்பு சம்பந்தப்பட்டவை. இந்தக் கூட்டத்துக்குள் புதிதாக யாரும் வருவதில்லை. ஆங்கிலத்தில் ஈமெயில் என்ற கருவி வந்தவுடன் அதுவே வினையும் ஆனது. தமிழில் போன் வந்து எத்தனையோ காலம் ஆகியும் "போனினான்" என்றோ "போனித்தான்" என்றோ யாரும் சொல்லவில்லை. போன் பண்ணினான், போன் போட்டான், மெசேஜ் அனுப்பினான். மலையாளத்தில் போன் செய்து, தெலுங்கில் போன் சேசாடு. எல்லையின் எந்தப் பக்கம் நின்றாலும் இரவல் பெயருக்குத் துணையாக ஒரு வினை வேண்டும்.

ஆங்கிலத்தில் மட்டும் கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர் லுஃபு, அன்பு செலுத்துவது லுஃபியன். ஈறுகள் வேறாக இருந்தன. நாளடைவில் ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. பெயரும் வினையும் இரண்டுமே லவ் என்று ஆயின. இப்படி ஏராளமான ஜோடிகள் தாமாகவே ஒன்றாகிப் போனபின், எந்தப் பெயரையும் வினையாகப் போடலாம் என்ற பழக்கம் மொழியில் ஊன்றிவிட்டது. தமிழ் வினை தன் ஈறுகளை இழக்கவில்லை. ஒரு சொல் வினையாக வேண்டுமானால் காலம் காட்டும் வரிசை ஒன்றில் அதற்கு இடம் வேண்டும். பூவுக்கும் காய்க்கும் எந்த வரிசை என்று பழைய பழக்கம் முடிவுசெய்து வைத்திருக்கிறது. போன் என்ற சொல்லுக்கு அப்படி யாரும் முடிவுசெய்து வைக்கவில்லை. பண்ணு, போடு, அடி இவற்றுக்கு வரிசை தெரியும் என்பதால் போன் அவற்றின் முதுகில் ஏறிக்கொள்கிறது.

நீங்களே ஒரு சொல்லைச் சோதிக்க விரும்பினால் நுரையை எடுத்துக்கொண்டு செய்துபாருங்கள். நுரைத்தது என்பதில் காலமும் பாலும் காட்டும் உறுப்புகளைக் கழற்றினால் நுரை என்று நிற்கிறது. பெயரும் நுரைதான், ஆகவே நடுவில் ஒட்டு இல்லை. பொருள் தொடர்பு இருக்கிறதா? நுரைத்தது என்றால் நுரை வந்தது, இருக்கிறது. எது முந்தியது? நுரையைக் காட்டித்தான் நுரைத்தலை விளக்க முடிகிறது, ஆகவே பெயர். வரிசை எது? நுரைக்கிறது, நுரைத்தது, நுரைக்கும், வல்வினை. இனி உப்பு என்ற சொல்லை அதே மாதிரி கழற்றிப் பாருங்கள். முகம் உப்பியது என்பதன் பகுதி உப்பு. சமையலில் போடுவதும் உப்பு. உருவம் அச்சு அசலாக ஒன்று. ஆனால் உப்பிய முகத்தில் உப்பு இல்லை. வீக்கத்துக்கும் உப்புக்கும் பொருள் தொடர்பு இல்லை. இரண்டு தனிச் சொற்கள் ஒரே உருவத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். கல் என்ற பாறையும் கல் என்ற படிப்பும் அப்படித்தான்.